கவிழ்த்து வைத்த கிண்ணம்

கிர்கிஸ் நாட்டுக் கராகோல் ஊரில் ஜிபர்குல்லைப் பற்றிக் கேட்டால், ஆளுக்கொரு குறை சொல்வார்கள். வாய் நீளம் என்பார்கள், கர்வம் என்பார்கள், கட்டியவனைச் சொல்லாலேயே விரட்டியவள் என்பார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒத்துப்போவார்கள். ஒரு படத்தை அவள் சொல்லிக் கேட்டால் போதும், கண்ணால் பார்க்க வேண்டாம்.

அந்தத் திறமை சும்மா வந்துவிடவில்லை. மாவட்டச் செய்தித்தாளில் பதினோரு வருஷம் படங்களுக்குக் கீழே வரும் இரண்டு வரிகளை எழுதியவள் அவள். அந்த அச்சு இயந்திரம் பழைய ஆட்சிக் காலத்தது. அதில் அடித்தால் மந்திரியும் மலையும் ஒரே கறுப்பாகத்தான் வரும். எனவே படத்தில் என்ன இருக்கிறது என்பதை வரிகள்தான் காட்ட வேண்டும். ஒருமுறை பரிசு வாங்கிய கிடாவின் வரி புதிய தலைமையாசிரியர் படத்துக்குக் கீழே ஏறிவிட்டது. 'அகன்ற நெற்றி, உறுதியான கழுத்து, இந்த வட்டாரத்தின் பெருமை' என்று. தலைமையாசிரியர் நேரில் வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். கிடாவின் சொந்தக்காரன்தான் சண்டைக்கு வந்தான்.

பத்திரிகை மூடப்பட்டது. கொஞ்ச காலம் பேருந்து நிலையத்துக்கு எதிரே நகல் எடுக்கும் கடையில் நின்றாள். பிறகுதான் பத்மா எஜே அவளைக் கூப்பிட்டு, பச்சைக் கதவு வீட்டில் வேலை கொடுத்தாள். எஜே என்றால் அந்த ஊரில் அக்கா. பத்மாவுக்கு வயது அறுபத்திரண்டு, ஊருக்கே எஜே அவள்.

பச்சைக் கதவு வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்பது பத்துப் பேருக்குக்கூடத் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. புருஷன் அடித்து, மாமியார் அடித்து, பிறந்த வீடும் திருப்பி அனுப்பிய பெண்கள் குழந்தையை இழுத்துக்கொண்டு ஓடி வந்து தங்கும் வீடு அது. வருஷம் ஒருமுறை வசந்தத்தில், அங்கே தங்கியவர்களின் கதைகளை ஒரு சின்னப் புத்தகமாக்கி ஊர் ஊராகக் கொடுப்பார்கள். இப்படி ஓரிடம் இருக்கிறது என்று மற்ற பெண்களுக்குத் தெரிய வேண்டுமே. பெயரை மாற்றுவார்கள், ஊரை மாற்றுவார்கள். முகம் கிடையவே கிடையாது.

படத்துக்கு என்ன செய்வது என்பதுதான் தொல்லை. முன்பெல்லாம் இணையத்தில் கிடைக்கும் ஏதாவது வெளிநாட்டுப் படத்தை ஒட்டுவார்கள். மஞ்சள் முடிக்காரி ஒருத்தி பெரிய சன்னலில் சாய்ந்து அழுவாள். நாரின் ஊர்ப் பக்கத்துக் கிழவிகள் அதைப் பார்த்து, "இவளுக்கு என்ன கேடு? சன்னலே எங்க வீட்ட விடப் பெருசா இருக்கு" என்று சிரித்தார்கள். புத்தகம் அடுப்பு பற்றவைக்கப் போயிற்று.

சொன்னதை வரைந்து கொடுக்கும் எந்திரங்கள் வந்தபோது யோசனை சொன்னவள் ஜிபர்குல்தான். பெண்கள் பெரும்பாலும் குடும்பப் படம் ஒன்றையாவது துணிக்குள் வைத்துக் கொண்டுதான் ஓடி வருகிறார்கள். அடித்தவனும் அதில் இருப்பான், இருந்தாலும் விட மாட்டார்கள். அந்தப் படத்தைச் சொற்களாக மாற்றுவது. சொற்களை எந்திரத்துக்குக் கொடுப்பது. அது புதிதாக ஒரு படம் வரையும். யார் முகமும் இருக்காது, ஆனால் அந்த வீட்டின் காற்று இருக்கும். பத்மா எஜே பாதி புரிந்தும் பாதி புரியாமலும் தலையாட்டினாள்.

"முகம் வராதுல்ல?"

"எப்படி எஜே வரும்? நான் சொன்னாத்தானே அதுக்குத் தெரியும். முகத்த நான் சொல்லவே மாட்டேன்."

அதோடு நிற்காமல் இன்னொரு காவலும் போட்டாள். படத்தைக் கணினியில் ஏற்றுவதற்கு முன்னால், வெள்ளைக் காகிதத்தில் சின்னச் சின்ன வட்டங்கள் வெட்டி, ஒவ்வொரு முகத்தின் மேலும் ஒட்டுவாள். ஒட்டின பிறகுதான் நகல் எடுப்பாள். அப்புறம் வட்டங்களைப் பதமாக உரித்துவிட்டு, படத்தை உரியவளிடமே கொடுத்துவிடுவாள். இவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கிறோமே என்று அவளுக்கே தன்மேல் ஒரு மரியாதை. நுணலும் தன் வாயால் கெடும் என்பது அப்போது அவளுக்கு நினைவு வரவில்லை.

சைகால் வந்தது மார்ச்சில், பனி இன்னும் உருகாத நேரம். இருபத்தெட்டு வயது. கையில் ஆறு வயது மகள் துமார். புருஷன் மெதெர் ரஷ்யாவுக்குச் சரக்கு லாரி ஓட்டுகிறவன், வீட்டில் இருக்கும் நாட்களை விரல் விட்டு எண்ணலாம். அந்த நாட்களில்தான் சைகாலின் எலும்புகள் முறிந்தன. கைபேசி இருந்தால் தேடிப்பிடிப்பான் என்று அதை ஆற்றில் போட்டுவிட்டு வந்திருந்தாள். அதற்குள் இருந்த படங்களும் அதோடு போயின. மிச்சம் இருந்தது மேலங்கியின் உள்துணியில் தைத்து வைத்த ஒரே ஒரு காகிதப் படம்.

சைகால் வாய் திறக்காதவள். பச்சைக் கதவு வீட்டில் கம்பளிச் செருப்பு தைக்கக் கற்றுக்கொண்டாள், வாரம் இரண்டு நாள் சந்தையில் கடை போட்டாள். மகள் அதற்கு நேர்மாறு. வீட்டில் யார் உட்கார்ந்தாலும் மடியில் ஏறி, அவர்கள் காதைப் பிடித்துக் கொண்டு பேசும். ஜிபர்குல்லின் காதையும் பிடித்துப் பேசியிருக்கிறது. அந்த வீட்டில் யாரும் யாரையும் படம் எடுக்கக் கூடாது என்பது சட்டம். அதனால் துமாரை யாரும் படம் எடுக்கவில்லை.

சைகால் தன் கதையைப் புத்தகத்துக்குக் கொடுக்கச் சம்மதித்தாள். உள்துணியைப் பிரித்து, அந்தப் படத்தை எடுத்து நீட்டினாள்.

ஜிபர்குல் வட்டங்களை ஒட்டிவிட்டு முதலில் எந்திரத்தையே கேட்டாள். படத்தைப் பார்த்து விவரிக்கும் எந்திரம் ஒன்று இருக்கிறது, ஏற்றினால் நொடியில் பத்து வரி கொடுக்கும். கொடுத்தது. 'தரையில் விரித்த உணவு விரிப்பைச் சுற்றி ஒரு குடும்பம் கூடியிருக்கிறது. கம்பளங்கள், ரொட்டி, தேநீர். இதமான, நெருக்கமான சூழல்.' அவள் பல்லைக் கடித்தாள்.

"இதமாம். இதுக்கு விரிப்பு இருந்தாலே இதம், ரொட்டி இருந்தாலே அன்பு" என்று பக்கத்தில் காய் நறுக்கிக் கொண்டிருந்த சமையல்காரி உல்கானிடம் சொன்னாள். "கல்யாணத்துக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி, எதப் பாத்தாலும் நல்லாருக்குன்னு சொல்லுது."

பிறகு தானே உட்கார்ந்து எழுதினாள், ரஷ்ய மொழியில். கிர்கிஸில் சொன்னால் எந்திரம் பாதியை விழுங்கிவிடும். அழுகை, துக்கம், பயம் என்று எழுதக் கூடாது என்பது அவளுக்குப் பழக்கத்தில் தெரிந்திருந்தது. துக்கம் என்று எழுதினால் எந்திரம் எல்லார் கன்னத்திலும் கண்ணீரை ஊற்றிவிடும். உடம்பு என்ன செய்கிறது, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, யாருக்கும் யாருக்கும் நடுவில் எவ்வளவு தூரம், அதைச் சொன்னால் துக்கம் தானே வரும்.

படம் சன்னல் திட்டில் கேமராவை வைத்து எடுத்தது. அதனால் பார்வை தாழ்வாக, தேநீர் ஊற்றுகிற மருமகளின் தோளுக்குப் பின்னாலிருந்து. அவள் முதுகு படத்தின் இடது பக்கத்தை மூன்றில் ஒரு பங்கு மறைக்கிறது. மாலை வெயில் வலது பக்கத்திலிருந்து சாய்வாக. எதிரே, மதிப்புள்ளவர்கள் உட்காரும் இடத்தில், மாமனாரும் மாமியாரும். வலது ஓரத்தில் ஒரு ஆள் பாதி வெட்டுப்பட்டிருக்கிறான், அவனுடைய கை மட்டும் முழங்காலில் இருக்கிறது, முஷ்டியாய் மடங்கி. குழந்தை அம்மாவின் கை மறைவில் சாய்ந்திருக்கிறது. ஒருவரும் ஒருவரைப் பார்க்கவில்லை.

எல்லாவற்றுக்கும் நடுவில், கிழவருக்கும் கிழவிக்கும் இடையே, மடித்துப் போட்ட ஒரு மெத்தை. அதில் யாரும் இல்லை. அதன் முன்னால் விரிப்பில் ஒரு தேநீர்க் கிண்ணம், கவிழ்த்து வைத்தது.

"இது என்ன சைகால்?"

"எங்க வீட்டுக்காரருக்கு அண்ணன் ஒருத்தர் இருந்தார், எஜே. பனிச்சரிவுல போயிட்டார். அத்தை அவர் இடத்த யாருக்கும் விட மாட்டாங்க. தினமும் கிண்ணம் எடுத்து வைக்கணும். ஊத்தக் கூடாது, கவுத்து வைக்கணும். ஒரு நாள் மறந்துட்டேன்."

மறந்த நாளில் என்ன நடந்தது என்பதை அவள் சொல்லவில்லை. முன்பல் ஒன்று இல்லாததை ஜிபர்குல் பார்த்தாள்.

நாலு ஊரில் இல்லாத வழக்கம் அது. ஜிபர்குல் அதைப் பிடித்துக் கொண்டாள். அந்தப் படத்தின் இருட்டு எல்லாம் அந்தக் கிண்ணத்திலிருந்துதான் கசிகிறது என்று அவளுக்குப் பட்டது. பட்டது சரிதான்.

எந்திரம் லேசில் மசியவில்லை. 'காலியான இடம், அங்கே யாரும் இல்லை' என்று எழுதினால், யாரும் இல்லை என்பதை விட்டுவிட்டு இடத்தைப் பிடித்துக் கொண்டு, அங்கே ஒரு சின்னப் பையனை உட்கார வைத்தது. இல்லை என்று சொன்னால் அதற்குப் புரியாது, இருப்பதைத்தான் சொல்ல வேண்டும். 'கிழவருக்கும் கிழவிக்கும் நடுவில் ஒரு ஆள் அகலத்துக்கு இடைவெளி. அந்த இடைவெளியில் மடித்த மெத்தை, நசுங்காமல், வெயில் அதன்மேல் விழுகிறது. மெத்தைக்கு முன்னால் ஒரு கிண்ணம், வாய் தரையைப் பார்த்து, அடிப்பாகம் மேலே.' ஆறாவது முறை மெத்தை காலியானது. ஒன்பதாவது முறை கிண்ணம் கவிழ்ந்தது. சிரிக்க வேண்டாம் என்று எழுதினால் சிரித்தார்கள், உதடுகள் மூடியிருக்கின்றன என்று மாற்றினாள், மூடிக்கொண்டார்கள். பதினான்காவது படத்தில் கிழவருக்கு ஆறு விரல். பதினைந்தாவது படம் வந்தபோது அவள் நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள்.

யாரோ ஒரு கிழவர், யாரோ ஒரு கிழவி, யாரோ ஒரு குழந்தை. அத்தனை பேரும் உலகத்தில் இல்லாதவர்கள். ஆனால் சைகாலின் வீடு அப்படியே உட்கார்ந்திருந்தது.

சைகாலைக் கூப்பிட்டுக் காட்டினாள். சைகால் திரையைப் பார்த்தாள். பார்த்துக் கொண்டே ஒரு அடி பின்னால் போனாள்.

"எங்க வீடுதான் எஜே."

ஜிபர்குல்லுக்கு நெஞ்சு நிறைந்தது. பதினோரு வருஷம் வரி எழுதியதற்கு ஒரு தலைமையாசிரியர் தவிர யாரும் அவளைப் பாராட்டியதில்லை.

சைகால் பெரியவர்கள் பேச்சை மறுக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட பெண். கதவுப் பக்கம் போனவள் திரும்பினாள்.

"அந்தக் கிண்ணம்... இருக்கணுமா எஜே?"

"அதுதாம்மா படத்துக்கு உயிரே. அத எடுத்துட்டா அப்புறம் ரொட்டியும் கம்பளமும்தான்."

"ஓ" என்றாள் சைகால். "சரிங்க எஜே."

இவ்வளவுதான் பேச்சு. இந்த நாலு வார்த்தைகளைப் பிறகு ஜிபர்குல் எத்தனை ஆயிரம் முறை தனக்குள் ஓட்டிப் பார்த்தாள் என்பது அவளுக்கே கணக்கில்லை. ஒரு பெண் தன் உயிர்ப் பயத்தைச் சொல்வதற்கு இதைவிட எப்படிச் சொல்வாள்? மேளம் அடித்தா சொல்வாள்? கேட்கிற காதைத்தான் புகழ் அடைத்துக் கொண்டிருந்தது.

ஏப்ரலில் புத்தகம் வந்தது. அந்த வருஷம் யாரும் அதை அடுப்புக்குப் போடவில்லை. கைபேசிகளில் அந்தப் படத்தைப் பகிர்ந்தார்கள், பெண்கள் குழுக்களில் போட்டு அழுதார்கள். கதையில் பெயர் வேறு, ஊர் வேறு. இப்போது அந்தப் பெண் கம்பளிச் செருப்பு தைத்து விற்கிறாள், மகளோடு நிம்மதியாக இருக்கிறாள் என்று முடிந்திருந்தது. அப்படிப்பட்ட கதை ஆயிரம் பெண்களுக்குப் பொருந்தும். கராகோலின் பெயர் கடைசிப் பக்கத்தில் தொலைபேசி எண்ணுக்கு மேலே சின்ன எழுத்தில் இருந்தது.

கதை ஆயிரம் பேருக்குப் பொருந்தும், படம் ஒரு வீட்டுக்குத்தான் பொருந்தும். மெதெரின் தங்கை அதை ஒரு குழுவில் பார்த்தாள். முகங்களைப் பார்த்து அவள் ஏமாறவில்லை, முகங்களை அவள் பார்க்கவே இல்லை. கவிழ்ந்த கிண்ணத்தைப் பார்த்தாள், மெத்தையைப் பார்த்தாள், சன்னல் திட்டில் தானே கேமராவை வைத்த அந்த நாளை நினைத்துக் கொண்டாள். அண்ணனுக்கு அனுப்பினாள்.

மெதெர் புத்தகத்தோடு வந்தான். சந்தையில் கம்பளிச் செருப்புக் கடைகள் நாலுதான். இரண்டு நாள் லாரியில் உட்கார்ந்து பார்த்தான். மூன்றாவது நாள், பட்டப்பகலில், பத்து மணிக்கு, சந்தைக்குப் பின்னால் உள்ள சந்தில் சைகாலை மறித்தான். உடன் துமாரும் இருந்தாள், அன்றைக்குப் பார்த்து அம்மாவோடு போக வேண்டும் என்று அடம்பிடித்திருந்தாள். சைகாலின் தாடை உடைந்தது, வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது. மேலங்கியைக் கிழித்து, உள்துணியில் அவள் திரும்பத் தைத்து வைத்திருந்த படத்தையும் எடுத்துக் கொண்டான். குழந்தையைத் தூக்கி லாரியில் போட்டுக் கொண்டு போய்விட்டான். பார்த்தவர்கள் இருந்தார்கள். புருஷன் பெண்டாட்டி விஷயம் என்று நின்றார்கள்.

காவல் நிலையத்தில் சுயுன்பெக் என்ற இளைய அதிகாரி உட்கார்ந்திருந்தான். மோசமானவன் இல்லை, அவசரம் இல்லாதவன்.

"அப்பன் தன் பிள்ளையக் கூட்டிட்டுப் போறத நான் எந்தப் பிரிவுல எழுதறது, எஜே?" என்று பத்மாவைக் கேட்டான்.

"தாடைய உடைச்சத எந்தப் பிரிவுல எழுதுவியோ, அதுலயே சேத்து எழுது" என்றாள் பத்மா. "நீ எழுதற வரைக்கும் நான் இங்கேயே உக்காந்திருப்பேன். எனக்கு மூட்டு வலி, சீக்கிரம் எழுந்திருக்க மாட்டேன்."

அவன் எழுதினான். எல்லைச் சோதனைச் சாவடிகளுக்கு அனுப்பும் படிவத்தை எடுத்தான். அதன் மேல் மூலையில் ஒரு கட்டம் இருந்தது.

"பாப்பா படம் குடுங்க."

மெதெரின் வீட்டில் கேட்டால் படம் வராது, அவனுக்குத் தகவல்தான் போகும். பத்மா ஜிபர்குல்லைப் பார்த்தாள். ஜிபர்குல் எழுந்து ஓடினாள்.

ஓடும்போது அவளுக்கு ஒரே ஒரு நினைப்பு. நகலை அழிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் வேலை முடிந்தால் அழித்துவிட வேண்டும் என்பது சட்டம், சைகாலின் படத்தை மட்டும் அவள் அழிக்கவில்லை. தன் வேலையின் அருமையை எப்போதாவது இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டு வைத்திருந்தாள். செய்த தப்பும் ஒரு நாள் உதவுகிறதே என்று வாய்விட்டுச் சொல்லிக் கொண்டே கணினியைத் திறந்தாள். படம் வந்தது.

கிழவர் முகத்தில் வெள்ளை வட்டம். கிழவி முகத்தில் வெள்ளை வட்டம். அம்மாவின் கை மறைவில், எல்லாவற்றிலும் சின்னதாக, நகக்கத்தரியால் வெட்டிய ஒரு வட்டம். குழந்தையின் முகம் சின்னது என்று அளந்து வெட்டியது நினைவுக்கு வந்தது.

உல்கான் பின்னால் நின்று பார்த்துக் கொண்டிருந்தாள்.

"ஒட்டறதுக்கு முன்னாடி நீ பாத்திருப்பல்ல? பாத்தத வரையச் சொல்லு. நீ சொன்னா வரையுமே அது."

ஜிபர்குல் உட்கார்ந்தாள். இடது பக்கம் மருமகளின் முதுகு, வலது பக்கம் வெயில், எத்தனை கிண்ணம், எத்தனை ரொட்டி, கிழவர் தொப்பியில் எத்தனை மடிப்பு, எல்லாம் வந்தது. குழந்தையிடம் வந்தபோது, தலை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பது வந்தது. வகிட்டில் வெயில் பட்டது வந்தது. முகம் வரவில்லை. முகத்தைச் சொல்லக் கூடாது என்று கண்ணைப் பழக்கியிருந்தாள், கண் அதை நன்றாகவே கற்றுக் கொண்டிருந்தது. ஆறு வாரம் ஒரே வீட்டில் சுற்றி வந்த குழந்தை, மடியில் ஏறிக் காதைப் பிடித்த குழந்தை. காதைப் பிடித்த விரலின் சூடு ஞாபகம் இருந்தது.

உல்கான் சொல்லச் சொல்ல எழுதினாள். ஆறு வயது கிர்கிஸ் பெண் குழந்தை, வட்ட முகம், இரட்டைச் சடை, கன்னம் காற்றில் சிவந்து வெடித்திருக்கும், இடது புருவத்தில் ஒரு தழும்பு. எந்திரம் வரைந்தது. மிட்டாய்க் காகிதத்தில் வருகிற குழந்தை மாதிரி ஒன்று சிரித்தது. "சீ, இது இல்ல" என்றாள் உல்கான். தழும்பைப் பெரிதாக வரைந்தது. சிறிதாக்கச் சொன்னால் காணாமல் போனது. கண் இன்னும் சின்னது என்றார்கள், சின்னதாக்கியது. மூக்கு இப்படி இல்லை என்றாள் உல்கான், எப்படி என்று கேட்டால் அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் குழந்தை. ஒவ்வொன்றும் யாரோ ஒரு தாய் பெற்றிருக்கக் கூடிய குழந்தை. இருபத்து மூன்றாவது குழந்தைக்குப் பிறகு உல்கான், "எனக்கே இப்ப அவ மொகம் கலங்குது, நிறுத்து" என்று தலைத்துணி நுனியால் வாயைப் பொத்திக் கொண்டு எழுந்து போனாள்.

சுயுன்பெக் போன் செய்தான். "ஏதோ ஒரு மொகம் குடுங்க எஜே. கட்டம் காலியா இருந்தா மேல வாங்க மாட்டாங்க."

அப்போது மணி இரண்டு. லாரி நான்கு மணி நேரம் முன்னால் போய்விட்டது. ஜிபர்குல் இருபத்து மூன்று குழந்தைகளைக் கைபேசியில் ஏற்றிக் கொண்டு மருத்துவமனைக்குப் போனாள்.

சைகாலின் தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். வலது கை மாவுக்கட்டில். பேசவும் முடியாது, எழுதவும் முடியாது, கண் மட்டும் திறந்திருந்தது. ஜிபர்குல் கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று வந்தவள், கேட்க நேரமில்லை என்று வைத்துக் கொண்டாள். உண்மையில் தைரியம்தான் இல்லை.

"சைகால், ஒவ்வொண்ணா காட்டறேன். கொஞ்சமாவது துமார் மாதிரி இருந்தா கண்ண மூடித் திற."

முதல் குழந்தையைக் காட்டினாள். சைகால் பார்த்தாள். கண் மூடவில்லை. இரண்டாவது, மூன்றாவது. எட்டாவது குழந்தையில் சைகாலின் மூச்சு வேகமானது, ஜிபர்குல் குனிந்தாள், ஆனால் கண் மூடவில்லை. பதினைந்தைத் தாண்டியபோது கண்ணீர் வழிந்து காதுக்குள் போனது, ஜிபர்குல் தன் கைக்குட்டையால் துடைத்தாள். துடைத்த விரல் திரையில் இழுபட்டு, படங்கள் சடசடவென்று ஓடி, பழையது ஒன்றில் போய் நின்றது. புத்தகத்தின் படம். யாரோ கிழவர், யாரோ கிழவி, கை மறைவில் யாரோ குழந்தை.

ஜிபர்குல் அவசரமாக மறைக்கப் பார்த்தாள். சைகாலின் இடது கை எழுந்து தடுத்தது. அந்த விரல் திரைமேல் வந்தது. குழந்தையின் முகத்தில் நிற்கவில்லை, அதைத் தாண்டிப் போயிற்று. நடுவில் போய், கவிழ்ந்த கிண்ணத்தின் மேல் நின்றது. பிறகு சைகால் ஜிபர்குல்லைப் பார்த்தாள்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். திட்டுவதற்கு அவளுக்கு வாய் இல்லை. கோபம்கூட அந்தக் கண்ணில் இல்லை. அன்றைக்கு நான் கேட்டேனே என்பது மட்டும் இருந்தது.

"தெரியும்" என்றாள் ஜிபர்குல். "நீ கேட்டே. நான்தான் கேக்கல."

அன்று மாலை படிவம் போயிற்று. இருபத்து மூன்றில் ஒன்றைக்கூட ஜிபர்குல் கொடுக்கவில்லை. பொய் முகத்தைக் கொடுத்தால் சாவடிக்காரன் உண்மை முகத்தை 'இது இல்லை' என்று அனுப்பிவிடுவான் என்று சுயுன்பெக்கிடம் சண்டை போட்டாள். அவன் கட்டத்தில் 'படம் இல்லை' என்று எழுதினான். கீழே அடையாளம் எழுதும் இடத்தில், மாவட்டத்திலேயே படத்தைச் சொல்லத் தெரிந்த ஜிபர்குல், 'ஆறு வயது, வட்ட முகம், இரட்டைச் சடை, சிவந்த கன்னம், இடது புருவத்தில் தழும்பு' என்று எழுதினாள். எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தாள். நிலைய வாசலில் ஒருத்தி தன் மகளோடு ஏதோ புகாருக்கு நின்றிருந்தாள். தழும்பு ஒன்றைத் தவிர எல்லாம் அந்தச் சின்னப் பெண்ணுக்கும் பொருந்தியது.

லாரி எந்தச் சாவடியில் கடந்தது என்பது தெரியவில்லை. கடந்தது மட்டும் தெரிந்தது. ஜூனில் ரஷ்யாவிலிருந்து மெதெர் தன் வீட்டுக்குப் போன் செய்தான், குழந்தை நன்றாக இருக்கிறாள், தேட வேண்டாம் என்று.

பத்மா எஜே ஜிபர்குல்லை வேலையை விட்டு அனுப்பவில்லை. "உன்ன அனுப்பிட்டா என் தப்பு எங்க போகும்? தலையாட்டினது நான்தானே" என்றாள். அடுத்த வருஷப் புத்தகத்தில் படமே இல்லை. ஜிபர்குல் இப்போது அங்கே கணினியைத் தொடுவதில்லை, மனுக்கள் எழுதித் தருகிறாள். ஊர்க்காரர்கள் அவளைக் கர்வக்காரி என்று சொல்வதை நிறுத்திவிட்டார்கள்.

சைகாலுக்குத் தாடை சேர்ந்தது, கொஞ்சம் கோணலாக. கை சேர்ந்தது. சேர்ந்ததும் அவள் செய்த காரியம் யாரும் எதிர்பாராதது. தன் காலாலேயே மாமியார் வீட்டுக்குத் திரும்பிப் போனாள். எல்லோரும் தடுத்தார்கள். பத்மா கதவை மறித்துக் கொண்டே நின்றாள்.

"துமார் போன் வந்தா அந்த வீட்டுக்குத்தான் எஜே வரும்" என்றாள் சைகால், கோணல் வாயால். "திரும்பி வந்தாலும் அங்கதான் வருவா. நான் இங்க உக்காந்து என்ன செய்ய?"

 பத்மா வழிவிட்டாள்.

இலையுதிர் காலத்தில் ஒரு நாள், ஜிபர்குல் மனு ஒன்று எழுதிக் கொண்டிருந்தபோது, தெரியாத எண்ணிலிருந்து செய்தி வந்தது. யாருடைய கைபேசியிலோ இருந்து சைகால் அனுப்பியிருந்தாள். வணக்கம் இல்லை, நலம் விசாரிப்பு இல்லை.

'இப்ப நான் ரெண்டு கிண்ணம் எடுத்து வைக்கிறேன் எஜே. அத்தை ரெண்டையும் கவுக்கச் சொன்னாங்க. துமாரோடத நான் நிமித்தித்தான் வச்சிருக்கேன். அடிச்சாலும் கவுக்க மாட்டேன்.'

ஜிபர்குல் அதை இரண்டு முறை படித்தாள். பாழாய்ப்போன பழக்கம், படித்து முடிப்பதற்குள் படம் கூடிவிட்டது. தாழ்வான பார்வை, வலது பக்கத்திலிருந்து வெயில், நசுங்காத மெத்தை, ஒன்று கவிழ்ந்தும் ஒன்று நிமிர்ந்தும் இரண்டு கிண்ணங்கள். நிமிர்ந்த கிண்ணத்துக்குப் பின்னால் உட்கார வேண்டியவளின் வகிடும், இரட்டைச் சடையும், சாய்ந்த தலையும் வந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தில், நகக்கத்தரியால் அவளே வெட்டிய அந்தச் சின்ன வெள்ளை வட்டம்தான் இருந்தது.